சுவாசப்பை நாடிக்கு எந்தப் பேனை?

ஒட்டுசுட்டான் அப்பா: மகள் சாதாரண தரம் எழுதப்போகிறாள். டிமைத் தாளில் குருதிச் சுற்றோட்டத்துக்கு மனவரைபடம் செய்தாள், நடுவில் இதயம். போன கிழமை இங்கே ஒருவர் "நாடி என்றால் சிவப்பு, நாளம் என்றால் நீலம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை" என்று எழுதியதை நம்பி நிறம் தீட்டினாள். ரியூசன் சேர் சுவாசப்பை நாடியைச் சிவப்பில் கண்டதும் பிழை போட்டுவிட்டார். யார் சொன்னது சரி?

மாங்குளத்தான்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். நாடி என்றால் சிவப்பு. ஒரு கிளைக்கு ஒரு நிறம், கடைசிச் சுள்ளி வரைக்கும் அதே நிறம். நடுவில் நிறத்தை மாற்றினால் பிள்ளை குழம்பும். என் மூன்று பிள்ளைகளும் இப்படித்தான் படித்தார்கள்.

முல்லை ரீச்சர்: அண்ணை, கிளைக்கு ஒரு நிறம் என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பாடத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஒட்சிசன் கூடிய குருதிக்குச் சிவப்பு, குறைந்த குருதிக்கு நீலம். சுவாசப்பை நாடி வலது இதயவறையிலிருந்து ஒட்சிசன் குறைந்த குருதியைத்தான் கொண்டுபோகிறது. அதைச் சிவப்பில் போட்டால் பிள்ளை படத்தைப் பார்த்தே பிழையாகப் பாடமாக்கிவிடும்.

மாங்குளத்தான்: நாடி என்றால் சிவப்பு.

கொம்பன்: குருதி எங்கே ஐயா நீலம்? என் கையில் ஊசி போட்டபோது கருஞ்சிவப்பாகத்தான் வந்தது. முதலில் அதைத் திருத்துங்கள்.

முல்லை ரீச்சர்: உண்மைதான் தம்பி, நீலம் ஒரு குறியீடு மட்டும்தான். இப்போது கேள்வி அதில்லை.

கொம்பன்: எனக்குக் கேள்வி அதுதான்.

நெடுங்கேணி: நான் வேறு கதை சொல்கிறேன். போன வருடம் மகனின் படத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து ஐந்து பெடியளுக்குக் கொடுத்தோம். சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாய் வந்தது. ஒருத்தனுக்கும் விளங்கவில்லை. நிறத்தில் என்ன இருக்கிறது? எழுதி வையுங்கள்.

மாங்குளத்தான்: நெடுங்கேணி, நீங்கள் கொப்பிக் கடைக்காரரோடு சண்டை பிடியுங்கள். ரீச்சர், இரணைமடுக் குளத்திலிருந்து வெளிக்கிடுவது வாய்க்கால். அதில் கலங்கல் தண்ணீர் ஓடினாலும் அது வாய்க்கால்தான். அதேபோல இதயத்திலிருந்து வெளிக்கிட்டால் நாடி. எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

முல்லை ரீச்சர்: அண்ணை, நீங்கள் சொன்னதேதான்! வாய்க்கால் என்று பெயர் வருவது தண்ணீர் போகும் திசையால். கலங்கலா தெளிவா என்பது வேறு விடயம். இரண்டையும் ஒரே பேனையால் காட்டப் பார்த்தால் முட்டும்.

ஒட்டுசுட்டான் அப்பா, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். பெரிய கிளைகளுக்குச் சிவப்பும் நீலமும் வேண்டாம். இதய அறைகள் பச்சை, வால்வுகள் ஊதா, குருதிக்கலன்கள் மண்ணிறம். சிவப்பையும் நீலத்தையும் சின்ன அம்புக்குறிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். தொகுதிப் பெருநாடிக்கு இதயத்தை விட்டு வெளியே போகும் சிவப்பு அம்பு. சுவாசப்பை நாடிக்கும் வெளியே போகும் அம்புதான், ஆனால் நீலம். பெருநாளங்களுக்கு உள்ளே வரும் நீலம், சுவாசப்பை நாளங்களுக்கு உள்ளே வரும் சிவப்பு. திசை பார்த்தால் நாடியா நாளமா என்று தெரியும், நிறம் பார்த்தால் ஒட்சிசன் தெரியும். செய்து முடித்ததும் பெயர்களைக் கடுதாசியால் மூடிவிட்டு அம்பை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே படம் சரியில்லை.

நெடுங்கேணி சொன்னதும் பிழையில்லை. அம்புப் பக்கத்தில் "ஒட்சிசன் கூட", "குறைவு" என்று ஒரு சொல் எழுதினால் சாம்பல் கொப்பியிலும் வாசிக்கலாம்.

நெடுங்கேணி: இதைத்தானே முதலே சொன்னேன்.

மாங்குளத்தான்: என் வாய்க்காலை எடுத்து எனக்கே அடிக்கிறீர்கள். சரி, நான் கேட்கிறேன்: பரீட்சையில் நாடியை மண்ணிறத்தில் கீறினால் புள்ளி தருவார்களா?

முல்லை ரீச்சர்: பரீட்சையில் மனவரைபடமா கீறச் சொல்கிறார்கள்? இது வீட்டுச் சுவருக்கு.

மாங்குளத்தான்: பார்த்தீர்களா, பதில் இல்லை. நாடி என்றால் சிவப்பு.

கொம்பன்: நாளத்துக்கு நீலமும் பொய்தான், சொல்லிவிட்டேன்.

நெடுங்கேணி: சுவரில் ஒட்டும்போது யன்னல் வெயில் படாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் சிவப்பு ரோசாவாகி, செம்மஞ்சளோடு கலந்துபோனது.

மாங்குளத்தான்: மலிவுப் பேனை வாங்கினால் அப்படித்தான். 2019-இல் இதே இடத்தில் நெல்லுக் காய வைப்பதைப் பற்றியும் என்னோடு மல்லுக்கட்டியவர்தானே நீங்கள்?

நெடுங்கேணி: அதில் நான்தான் சரி.

ஒட்டுசுட்டான் அப்பா: மகள் புதுத் தாள் கேட்கிறாள், நாளைக்குக் கடை பூட்டு. பழைய தாளில் சிவப்பின் மேல் நீலம் கீறினால் ஊதாவாகத் தெரிகிறது. அது வால்வு நிறமாகிவிடாதா?

மாங்குளத்தான்: சிவப்பாகவே விட்டிருந்தால் இந்தக் கரைச்சலே வந்திருக்காது.