புதுப்பிப்பு: கனடாவின் வின்னிபெக் குளிரில் நடந்து வேலைக்குப் போக பூட்ஸ், சாக்ஸ்

முன்பு நான் இங்கே கேட்டது: "மைனஸ் 40 டிகிரி குளிருக்கான பூட்ஸ், இரண்டு ஜோடி சாக்ஸ். 20 நிமிட நடையில் விரல் மரத்துப்போகிறது, ஏன்?"

அந்த இரண்டாவது சாக்ஸ்தான் காரணம். வின்னிபெக்கில் பல வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்த அண்ணா ஒருவர் பதிலில் விளக்கினார்: உள்ளே விரல் அசைய இடமில்லை என்றால் சூடான காற்று தங்காது, ரத்த ஓட்டமும் குறையும். அடியில் போட்டிருந்த பருத்தி சாக்ஸ் வேறு வியர்வையை விடாமல் பிடித்துக்கொண்டது. இப்போது அரை அளவு பெரிய பூட்ஸ், ஒரே ஒரு தடித்த மெரினோ கம்பளி சாக்ஸ். பூட்ஸின் உள்ளுறையை இரவில் கழற்றிக் காய வைக்கிறேன். மூன்று வாரமாக விரல் மரக்கவில்லை.

"தெர்மல் பேண்ட் போதும்" என்று தம்பி ஒருவர் பதிலில் சொன்னது பாதி சரி. கால் சூடாக இருந்தால் பாதத்துக்கும் நல்லது, ஆனால் ஈர சாக்ஸுக்கு அது மருந்தில்லை.

அப்புறம், மைனஸ் 40 என்பது குளிருக்குத்தான், பிடிப்புக்கு இல்லை. பூட்ஸ் மேல் மாட்டும் ஆணிப்பட்டை வாங்கினேன். பனிக்கட்டியில் நன்றாகப் பிடிக்கிறது. அலுவலக டைல்ஸில் அதுவே வழுக்கும், வாசலிலேயே கழற்றிவிடுகிறேன்.

பேருந்துக்கு நின்றே காத்திருக்கும் அக்கா தனக்கு என்ன வழி என்று கேட்டார். கம்பளி இன்சோல் வையுங்கள் என்கிறார் ஒருவர், இடம் குறையும் என்கிறார் அந்தத் தபால்கார அண்ணா. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.