"Going to market tomorrow": போவது யார்? இலை இல்லாமல் பந்தி விரித்த கதை, வழி சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை சமையல்

புதுச்சேரியில் வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். அடுப்பு என்னுடையது, கணக்கும் வெளிவேலையும் என் கொழுந்தனாருடையது. காய், இலை எல்லாம் பெரிய மார்க்கெட்டில்தான். அன்றைக்கு யாருக்குத் தோதோ அவர் போய் வாங்கி வருவோம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அவரிடமிருந்து இது வந்தது:

```
Going to market tomorrow. Leaf 150 enough
```

அவர் போகிறார், 150 இலை போதுமா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு "ஓகே" போட்டுவிட்டுப் படுத்தேன். அவர் சொல்ல வந்தது "நாளைக்கு மார்க்கெட் போறீங்கல்ல, இலை 150 வாங்கினா போதும்" என்பதாம். என் ஓகேயைப் பார்த்து அவரும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். மறுநாள் வளைகாப்பு வீட்டில் சாம்பார் தயார், வடை தயார், இலை மட்டும் இல்லை. பேப்பர் இலையில் பரிமாறி, அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஓகே போட்டது நீங்கதானே அண்ணி" என்கிறார். தப்பு யாருடையது என்பது இருக்கட்டும். நான், நீ எதுவும் சொல்லாமல்தானே நாள் முழுக்கப் பேசுகிறோம்? அங்கே வராத குழப்பம் இங்கே ஏன் வந்தது? இனி எப்படி எழுதுவது?

லாஸ்பேட்டை தம்பி

வாய்ஸ் டைப்பிங் ஆக இருக்கும் அக்கா. மைக்கை அழுத்தியதும் பேசினால் முதல் வார்த்தையை அது முழுங்கிவிடும். ஒரு நொடி விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை சமையல்

கையால்தான் அடித்தார் தம்பி. அவருக்கு மைக் என்றாலே கூச்சம்.

டியூஷன் மிஸ்

ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் வேண்டும். அதை விட்டு எழுதினால் அனுப்பியவரைத்தான் குறிக்கும். கேள்விக்குறி இருந்தால் மட்டுமே எதிரில் இருப்பவர். அதனால் நீங்கள் படித்ததுதான் சரி, தப்பு அவருடையது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளைப் போட்டு எழுதுங்கள், தீர்ந்தது.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

மிஸ் சொல்வதில் பாதி சரி. ஆங்கிலக்காரர்கள் டைரியிலும் செய்தியிலும் வாக்கியத் தொடக்கத்து "நான்"-ஐ விடுவது பழைய வழக்கம். அந்தக் கணக்கில் நீங்கள் படித்தது நியாயமே. ஆனால் உங்கள் கொழுந்தனார் எழுதியது ஆங்கிலமா என்பதுதான் என் சந்தேகம். மனதில் "போறீங்கல்ல" என்று வந்ததை விரல் Going என்று அடித்திருக்கிறது.

"போறேன்" என்றால் கடைசியில் இருக்கும் "ஏன்" சொல்லிவிடுகிறது, போவது நான் என்று. "போறீங்க", "போறான்" எல்லாம் அப்படித்தான். பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். எழுவாய் வெளியே தெரியாது, ஆனால் விகுதிக்குள் உட்கார்ந்திருக்கும். Going-க்கு அந்த வால் கிடையாது. ஆளைக் காட்டும் வேலையை அங்கே am, are, is செய்கின்றன. எழுவாயோடு அவர் அதையும் விட்டுவிட்டார். அப்புறம் ஆளைச் சொல்ல அந்த வரியில் என்ன மிச்சம்?

இன்னொன்றும் தொலைந்திருக்கிறது. "போறீங்கல்ல" என்பதில் உள்ள அந்த "ல்ல" முழுக் கேள்வியும் இல்லை, முழுச் செய்தியும் இல்லை. ஆமாம்தானே என்று தொட்டுப் பார்ப்பது. அதற்கு அவரிடம் ஆங்கிலம் இல்லை, கேள்விக்குறி போடவும் தோன்றவில்லை. அதே கதிதான் enough-க்கும். "போதும்", "போதுமா" இரண்டும் அதற்குள் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இரண்டாவது வரியும் உங்களைத் திருத்தவில்லை.

முத்தியால்பேட்டை சமையல்

ஐயா, அப்படியானால் தமிழிலேயே எழுதச் சொன்னால் போதுமா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

முக்கால்வாசி போதும். தமிழிலும் வால் இல்லாத வினைகள் இருக்கின்றன. "மார்க்கெட் போகணும்" என்றால் நானா, நீங்களா? "போகலாம்", "முடியாது", "போகலை" எல்லாம் அந்த வகை. "போகலை" என்பது போக + இல்லை. இல்லை, உண்டு, வேறு என்ற சொற்கள் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. வாட்ஸ்அப் வந்து கெடுத்ததில்லை இது.

ஒரு சோதனை சொல்கிறேன். அடித்த வரிக்கு முன்னால் நான், நீங்க, அவங்க மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் படியுங்கள். ஒன்று மட்டும் ஒட்டினால் அப்படியே அனுப்பலாம். மூன்றும் ஒட்டினால் ஆளை எழுதிவிட்டு அனுப்புங்கள். எல்லா வரியிலும் "நான் நான்" என்று போட்டால் மிஸ், தமிழில் அது தம்பட்டம் மாதிரி இருக்கும்.

துறைமுகத்து மருமகள்

கடலூர் முதுநகர் நாங்கள். எங்கள் வீட்டில் மாமனார் போன்தான் எல்லோருக்கும் கிடைப்பது. ஒருநாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அந்த போனிலிருந்து "நாளைக்கு கடலுக்கு போகலை" என்று படகு ஆட்களுக்கு அனுப்பிவிட்டார். மாமனாரே போகவில்லை என்று நினைத்து ஒருத்தரும் கரைக்கு வரவில்லை. விடியற்காலையில் மாமனார் தனியாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "போகமாட்டேன்" என்று எழுதியிருந்தால் சரியாகியிருக்குமா ஐயா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

ஆகியிருக்காது அம்மா. "மாட்டேன்" நான் என்று காட்டும், ஆனால் அந்த "நான்" யாரென்று செய்திக்கு மேலே இருக்கும் பெயர்தான் சொல்லும். பெயர் மாமனாருடையது, விரல் மகனுடையது. அடுத்தவர் போனிலிருந்து அனுப்பினால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொருவர் செய்தியை அப்படியே ஃபார்வர்ட் செய்தாலும் இதே தொல்லைதான், எழுதியவர் பெயர் கூட வராது.

டியூஷன் மிஸ்

தம்பட்டம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். வேலை விஷயத்தில் தெளிவு முக்கியம்.

முத்தியால்பேட்டை சமையல்

நேற்று உட்கார்ந்து அவருடைய பழைய செய்திகளை எல்லாம் வாத்தியார் சொன்னபடி படித்துப் பார்த்தேன். "வரேன்", "வாங்கிட்டேன்", "கிளம்பிட்டீங்களா" இதில் ஒன்றுகூடத் தகராறு ஆனதில்லை. தகராறு ஆனவை: "கேஸ் சொல்லணும்", "அட்வான்ஸ் வாங்கலை", அப்புறம் இந்த ஒன்று: `Said will come at 6`. யார் சொன்னது, யார் வருவது, இன்றைக்கும் தெரியாது.

அவரிடம் கேட்டபோது வேறு ஒரு விஷயம் வெளியே வந்தது. "அண்ணி, உங்களைப் போய் 'நீங்க மார்க்கெட் போங்க'ன்னு எப்படி எழுதுறது?" என்கிறார். கூச்சத்தில்தான் ஆளை விட்டிருக்கிறார்! இதற்கு என்ன செய்ய?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

அது நல்ல கூச்சம், கெடுக்க வேண்டாம். "போகணும்" என்று பொதுவாகச் சொல்வதே ஏவாமல் ஏவுகிற வழிதான். கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள்: "அண்ணி, இலை நீங்க வாங்கிடுறீங்களா, நான் போகட்டுமா?" மரியாதையும் இருக்கும், ஆளும் இருக்கும். அதற்கு "ஓகே" என்று பதில் போட உங்களாலும் முடியாது.

துறைமுகத்து மருமகள்

`Said will come` என்பது "வரேன்னு சொன்னாரு" தானே? தமிழில் வருகிறவரும் சொன்னவரும் ஒரே ஆள் என்று பளிச்சென்று தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வாலும் போச்சு.

முத்தியால்பேட்டை சமையல்

கொழுந்தனார் நேற்று முதல் கேள்வியாகத்தான் கேட்கிறார். ஆனால் இன்று வேறொன்று. நாளைக் காலை டிபன் ஆர்டர் கொடுத்தவர் "அம்மாவும் வராங்க, கூட அண்ணன் வீட்லேருந்தும் வராங்க" என்று அனுப்பியிருக்கிறார். அண்ணன் வீட்டிலிருந்து வருவது ஒருவரா, நான்கு பேரா? வால் இருக்கிறதே ஐயா, ஏன் தெரியவில்லை?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

"ஆங்க" மரியாதைக்கும் அதுதான், பலருக்கும் அதுதான். அதற்கு என்னிடம் சோதனை இல்லை. எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள்.

டியூஷன் மிஸ்

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

முத்தியால்பேட்டை சமையல்

கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. உளுந்தை ஒரு படி கூடுதலாகவே ஊறப்போட்டுவிட்டேன்.