கலைச்சொல் வேண்டல்: ‘வேரியேஷன் ஆர்டர்’

தண்டையார்பேட்டை ஒப்பந்தக்காரர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பகுதியில் ஒரு சந்துக்குள் தரைத்தளமும் முதல் மாடியுமாக ஒரு வீடு கட்டிவருகிறேன். 6,000 லிட்டர் பிடிக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சம்பை 12,000 லிட்டராக்கித் தருமாறு உரிமையாளர் இப்போது கேட்கிறார். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடத்தில், குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்மொழியாகக் கேட்டதைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசிப் பில்லில் தொகையைப் போட்டால் தகராறுதான் மிஞ்சும் என்பதால், வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட விரும்புகிறேன். அவர் தமிழ் மட்டுமே படிப்பவர். ஆங்கிலத்தில் ‘வேரியேஷன் ஆர்டர்’ எனப்படும் அந்தத் தாளுக்குத் தமிழில் என்ன தலைப்பு வைக்கலாம்?

திருவொற்றியூர் அளவைப் பொறியாளர் எழுதியது:

‘கூடுதல் பணி ஆணை’ என்பதே போதும்; வேலையிடத்தில் எல்லாரும் ‘எக்ஸ்ட்ரா வேலை’ என்றுதான் சொல்கிறார்கள். கொள்ளளவு இரட்டிப்பாவதால் சம்புக்கான தொகையையும் நாளையும் இரட்டிப்பாக்கி எழுதிவிட்டால் கணக்கும் எளிது.

பெரம்பூர், ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர் எழுதியது:

வேலையாட்களின் பேச்சிலிருந்து சொல்லை எடுக்க வேண்டும் என்ற தம்பியின் எண்ணம் சரி, கணக்குதான் சரியில்லை. பழைய சம்பின் உள்ளளவை 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர் என்றும், புதியதை 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றும் கொள்வோம். சுவர், அடித்தளம், மேல்தளம் மூன்றும் 15 சென்டிமீட்டர் தடிமன் என்றால், கான்கிரீட் ஏறத்தாழ 3.5 கன மீட்டரிலிருந்து 5.5 கன மீட்டராகத்தான் உயர்கிறது. கொள்ளளவு இரு மடங்கானாலும் கான்கிரீட் ஒன்றரை மடங்கை ஒட்டியே நிற்கிறது. மாறாக, கடலோரப் பகுதியில் இன்னும் அரை மீட்டர் ஆழமாகத் தோண்டும்போது ஊற்று நீரை இறைக்க வேண்டிவரும் என்பதால், ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு செலவு புதிதாக முளைக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் விலை உள்ள வேலைகளை அதே விலையிலும், விலை இல்லாததை உண்மைச் செலவோடு மேற்செலவும் இலாபமும் சேர்த்தும் தனித்தனியாக எழுதுங்கள்.

‘கூடுதல்’ என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. நாளை அதே உரிமையாளர் மாடியில் ஒரு பரண் வேண்டாம் என்றால், அந்தத் தொகையைக் கழிப்பதும் இதே வகைத் தாளில்தான் வரும். அதனால் ‘பணிமாற்ற ஆணை’ என்பதை முன்மொழிகிறேன்.

இராயபுரம் வீட்டு உரிமையாளர் எழுதியது:

என் வீட்டிலும் மொட்டைமாடியில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டினோம். மாநகராட்சியில் திருத்திய வரைபடம் கொடுத்துத் திரும்ப அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்குத் ‘திருத்த அனுமதி’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? இன்னொன்று, ‘பணிமாற்றம்’ என்று படித்ததும், அரசு ஊழியரான என் மைத்துனரை மதுரைக்கு மாற்றியதுதான் நினைவுக்கு வந்தது.

பெரம்பூர், ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது கட்டட அனுமதி. அது மாநகராட்சிக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது. இங்கே கேட்கப்படுவது உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான தாள். உங்கள் அறைக்கு இரண்டுமே தேவைப்பட்டிருக்கும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஆனால் ‘பணிமாற்றம்’ பற்றிய உங்கள் தடையை ஏற்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகத்தில் அந்தப் பொருளில் அஞ்சிய சொல்லை நானே முன்மொழிந்திருக்க வேண்டாம். ‘வேலைமாற்றக் குறிப்பு’ என்று வைத்துப் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டை ஒப்பந்தக்காரர் எழுதியது:

ஐயா சொன்னபடி எழுதிப் பார்த்தேன். உரிமையாளர் கேட்ட நாள், பழைய அளவு, புதிய அளவு, வரைபட எண் ஆகியவற்றுக்குப் பின் தொகை வருகிறது. கூடுதல் கான்கிரீட்டுக்கு, கம்பியும் சென்ட்ரிங்கும் சேர்த்து 29,000 ரூபாய், மண் தோண்டுவதற்கு 6,600, உள்பூச்சுக்கு 4,500, இந்த மூன்றும் ஒப்பந்த விலையில். நீர் இறைக்க 10,000, அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து வீதம் 1,500. மொத்தம் 51,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

நாள் கணக்கில்தான் தயக்கம். சம்ப் வேலை மட்டும் ஆறு நாள் கூடும். ஆனால் சம்ப் வருவது முன்வாசலில். பொருள் உள்ளே போக வேறு வழியில்லை. குழி திறந்து கிடக்கும்வரை செங்கல் வண்டி உள்ளே வராது, சந்தில் இறக்கவும் அண்டை வீட்டார் விடமாட்டார்கள். அதனால் முதல் மாடிச் சுவர் வேலையும் நிற்கும் என்று கருதிப் பதினொரு நாள் கேட்டிருக்கிறேன்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர் எழுதியது:

குழி தோண்டுமுன்பே செங்கலை உள்ளே இறக்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும் இறக்காமல் விட்டால், அந்த ஐந்து நாளை உரிமையாளர் தலையில் வைக்க முடியாது. கூடுதல் வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது வேறு. வீட்டை ஒப்படைக்கும் தேதி எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பது வேறு. குறிப்பில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும், ஏன் தள்ளிப்போகிறது என்ற காரணத்தையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். வாசலை அடைக்காத வேலையாக இருந்திருந்தால், அதுவே ஆறு நாள் பிடித்தாலும் ஒப்படைக்கும் தேதி அசையாமலே இருந்திருக்கலாம்.

எழுதாமல் கட்டினாலும் வழியே இல்லை என்பதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கேட்க இடம் தருகிறது. ஆனால் எவ்வளவு ஈடு என்பதை வழக்காடித்தான் நிறுவ வேண்டும். 51,600 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

வியாசர்பாடி கட்டமைப்புப் பொறியாளர் எழுதியது:

தலைப்பை முடிவு செய்வதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறி, அந்த நேரத்தில் சம்பைக் கழுவுவதற்காகக் காலி செய்தால், அது மிதக்கப் பார்க்கும். புதிய சம்பின் வெளியளவு ஏறத்தாழ 17.5 கன மீட்டர். நீர் அதை மேலே தள்ளும் விசை 17.5 டன். கான்கிரீட்டின் எடையோ 13.6 டன்தான். பக்கத்து மண்ணின் பிடிப்பு ஓரளவு உதவும் என்றாலும் அதை நம்பிக் கட்டக் கூடாது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி, அதன்மேல் மண்ணை நிரப்பி எடை கூட்ட வேண்டியிருக்கும். அப்போது தோண்டலும் கான்கிரீட்டும் மறுபடி உயரும். (பழைய சம்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதுவும் தப்பவில்லை. அந்தப் பங்கை உரிமையாளரிடம் கேட்பது நியாயமா என்பது தனிக் கேள்வி.)

ஆகவே இப்போதைய தாள் ஆணை ஆகாது, மதிப்பீடுதான். உரிமையாளர் கேட்டதையும் உத்தேசத் தொகையையும் பதிவது ‘வேலைமாற்றக் குறிப்பு’ என்றும், வரைபடம் திருத்தி, தொகையும் தேதியும் உறுதியாகி இருவரும் கையொப்பமிட்ட பின் அது ‘வேலைமாற்ற ஆணை’ என்றும் இரண்டு சொல்லாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

திருவொற்றியூர் அளவைப் பொறியாளர் எழுதியது:

மிதக்கும் கணக்கை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆனால் சின்ன வீட்டு வேலைக்கு இரண்டு தாள் என்றால் எந்த மேஸ்திரியும் இரண்டாவதை எழுத மாட்டார். ஒரே தாளில் ‘உத்தேசம்’, ‘உறுதி’ என்று இரு பத்திகள் விட்டு, ஒவ்வொன்றின் கீழும் கையொப்பத்துக்கு இடம் வைத்து, ‘வேலைமாற்றச் சீட்டு’ என்று பெயரிடலாமே?

இராயபுரம் வீட்டு உரிமையாளர் எழுதியது:

எங்கள் பக்கம் சீட்டு என்றால் மாதாமாதம் பணம் கட்டுகிற சீட்டுதான்.

தண்டையார்பேட்டை ஒப்பந்தக்காரர் எழுதியது:

இரண்டு பத்தி வைத்த ஒரே தாளாக எழுதி, இப்போதைக்கு ‘வேலைமாற்றக் குறிப்பு’ என்றே தலைப்பிட்டு, உத்தேசப் பத்தியில் மட்டும் உரிமையாளரிடம் கையொப்பம் வாங்குகிறேன். அடித்தள நீட்சிக்கு வரைபடம் வந்த பின்பே குழி தோண்டுவேன். செங்கலை அதற்குள் இறக்கிவிடுவதால் பதினொன்றை ஆறாகத் திருத்திவிட்டேன். பழைய சம்புக்கே தேவைப்பட்டிருக்கக்கூடிய நீட்சியின் செலவை யார் ஏற்பது என்பதை அவரும் நானும் இன்னும் பேசவில்லை.