பூனை அட்டையில் ‘ப்ரீட்’ கட்டத்துக்கு என்ன சொல்?

யாழினி எழுதியது:

வணக்கம். தெருப்பூனைகளைத் தத்துக் கொடுக்கும் எங்கள் குழுவுக்குத் தமிழில் ஓர் அட்டை தயாரிக்கிறேன். தொண்டர்கள் பூனையின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் அதை நிரப்புகிறார்கள். ‘ப்ரீட்’ என்பதற்கு ‘இனம்’ என்று போட்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் ஒருவர் மேனியில் வரியைப் பார்த்து ‘டாபி’ என்கிறார், ஒருவர் ‘கறுப்பு வெள்ளை’ என்கிறார். போன வாரம் ஒரு சாம்பல் குட்டிக்கு ‘ரஷ்யன் ப்ளூ’ என்று எழுதிவிட்டார்கள். உடனே மூன்று பேர் விலை கேட்டு அழைத்தார்கள். அதன் தாய் மீன்கடைக்குப் பின்னால் திரியும் கறுப்புப் பூனை. கட்டத்துக்கு வேறு சொல் வேண்டுமா?

பாஸ்கரன் எழுதியது:

‘இனம்’ சரியான சொல்தான், மாற்ற வேண்டாம். காங்கேயம் மாட்டைப் பார்த்தவுடனே சொல்லிவிடுகிறோமே. பூனையிலும் பழகிய கண்ணுக்குப் படம் போதும். முகம் சப்பையாக இருந்தால் பெர்சியன், உடம்பெல்லாம் சாம்பலாக இருந்தால் ரஷ்யன் ப்ளூ.

சுந்தரி (கால்நடை மருத்துவர்) எழுதியது:

பாஸ்கரன் ஐயா, உங்கள் மாட்டையே எடுத்துக்கொள்வோம். காங்கேயத்துக்குள்ளேயே மயிலை, செவலை, காரி என்று நிறத்துக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றன. செவலை என்று சொன்னால் யாரும் அதை ஓர் இனமாக எடுத்துக்கொள்வதில்லை. கொம்பு, திமில், உடற்கட்டு எல்லாம் பார்த்துத்தான் இனத்தைச் சொல்கிறார்கள்.

பூனையின் சாம்பல் நிறம் என்பது வெளிறிய கறுப்பு. அதற்கு ஒரே ஒரு மரபணு போதும், ஆனால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் வர வேண்டும். மீன்கடைத் தாயிடம் ஒரு படி மறைந்திருக்கிறது, தந்தையும் அப்படியே ஒரு கறுப்புப் பூனை என்று வையுங்கள். ஒவ்வொரு குட்டியும் சாம்பலாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ரஷ்யாவுக்கு இதில் வேலையே இல்லை. ரஷ்யன் ப்ளூவின் அடையாளம் அடர்ந்த இரட்டை மயிரும் பச்சைக் கண்ணும். மயிரின் அடர்த்தியைக் கையால் தொட்டால்தான் தெரியும். பச்சைக் கண் தெருப்பூனைக்கும் வரும்.

சப்பை முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மண்டையோட்டின் வடிவம் பல மரபணுக்கள் சேர்ந்து வருவது, தற்செயலாக ஒரு தெருக்குட்டிக்கு அமைந்துவிடாது. எங்கோ பெர்சியன் கலந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். எவ்வளவு கலப்பு என்று படம் சொல்லாது.

கதிர் எழுதியது:

அப்போ என் பூனை சயாமீஸ் இல்லையா? உடல் வெளிர், முகமும் காதும் வாலும் கறுப்பு. கருத்தடை அறுவைக்கு விலாவில் சிரைத்த இடத்தில் மயிர் கறுப்பாக முளைத்தது. நோய் என்று பயந்தே போனேன்.

சுந்தரி எழுதியது:

நோய் இல்லை தம்பி. இப்படி முகமும் காதும் வாலும் கறுத்த பூனைகளுக்கு ஒரு மரபணுவால் உடலின் குளிர்ந்த பகுதியில்தான் நிறம் ஊறும். சிரைத்த தோல் குளிர்ந்ததால் மயிர் கறுத்து முளைத்தது. அடுத்து மயிர் உதிர்ந்து முளைக்கையில் வெளுத்துவிடும். அந்த மரபணு உங்கள் பூனையிடம் உறுதியாக இருக்கிறது. ஆனால் அது எந்த ஊர்த் தெருப்பூனைக்கும் வரக்கூடியது, அதனால் அதை வைத்து மட்டும் சயாமீஸ் என்று எழுத முடியாது.

யாழினிக்கு என் பரிந்துரை இரண்டு கட்டங்கள். படத்தில் தெரிவதற்கு ‘மேனிக்கோலம்’. பெற்றோரின் பதிவுச் சான்று இருந்தால் மட்டும் நிரப்ப ‘பதிவினம்’. 1984இல் ஓர் இத்தாலியக் கால்நடை மருத்துவர் இலங்கையிலிருந்து சில பூனைகளைக் கொண்டுபோய் வளர்த்ததில் வந்ததுதான் ‘சிலோன்’ என்ற இனம். கொழும்பில் அதே தோற்றத்தோடு படுத்திருக்கும் பூனைக்கு இனப்பெயர் கிடையாது. வேறுபாடு பதிவேட்டில் இருக்கிறது. அது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்றுதான் ‘பதிவினம்’ என்கிறேன்.

பாஸ்கரன் எழுதியது:

சிலோன் கதை எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ‘பதிவினம்’ இருக்கட்டும். ஆனால் ‘என்ன கோலம் இது’ என்று திட்டுகிற ஊரில் ‘மேனிக்கோலம்’ எடுபடுமா? ‘மயிர்ப்பாங்கு’ எப்படி?

யாழினி எழுதியது:

ஐயா, தொண்டர்களில் பாதிப் பேர் ‘மயிர்’ என்று அட்டையில் அச்சடிக்கக் கூச்சப்படுவார்கள். வாசலில் தினமும் பார்க்கும் கோலம் அவர்களுக்குச் சட்டென்று புரியும். ‘மேனிக்கோலம்’ என்றே போட்டுப் பார்க்கிறேன். ‘பதிவினம்’ கட்டத்தில் ‘இல்லை’ என்று முன்பே அச்சடித்துவிடுகிறேன், சான்று வந்தால் அடித்துத் திருத்தலாம். சாம்பல் குட்டிக்கு இனி: மேனிக்கோலம் – முழுச் சாம்பல்.

‘டாபி’க்கு ‘வரிப்பூனை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

சுந்தரி எழுதியது:

உடலில் வரி உள்ளவற்றுக்குச் சரி. சிலோன் பூனை போன்றவற்றில் உடலில் வரி தெரியாது, ஒவ்வொரு மயிரிலும் வெளிரும் கருமையும் மாறி மாறி வளையமிட்டிருக்கும். நெற்றியிலும் காலிலும் மட்டும் கோடுகள் தெரியும். அதையும் ‘டாபி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘வரிப்பூனை’ என்று எழுதினால் படத்தைப் பார்ப்பவர் வரி எங்கே என்று கேட்பார்.

கதிர் எழுதியது:

‘துகள்வரி’?

பாஸ்கரன் எழுதியது:

துகள் என்றால் பொடி. வளையத்துக்குப் பொருந்தவில்லை. யோசித்து நாளை எழுதுகிறேன்.