பழைய ரிஜிஸ்டர்லேர்ந்து புது சாஃப்ட்வேருக்கு ஓப்பனிங் ஸ்டாக் ஏத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

வயர்கடை மருமகன்: மாமாவோட எலக்ட்ரிக்கல் கடைக்கு ஏப்ரல் 1லேர்ந்து புது ஸ்டாக் சாஃப்ட்வேர் போடறோம். ரிஜிஸ்டர்ல இருக்கிற பேலன்ஸ அப்படியே எக்ஸெல்ல அடிச்சு ஏத்திடலாம்ங்கறார் மாமா. எனக்கு மனசு ஒப்பல, சும்மா நாலு ஐட்டம் எடுத்துப் பார்த்தேன், ரேக்ல இருக்கறது வேற ரிஜிஸ்டர்ல இருக்கறது வேற. மாத்தினவங்க எப்படிப் பண்ணீங்க?

ஆடிட் ஆபீஸ் தம்பி: ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ, ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்ல காட்டற க்ளோசிங் ஸ்டாக் தொகையும் சாஃப்ட்வேர் ஓப்பனிங் தொகையும் ஒண்ணா இருந்தா போதும், முடிஞ்சுது வேலை.

ஸ்டோர்ஸ் அண்ணாச்சி: தொகை டேலி ஆகணும், அது சரிதான் தம்பி. ஆனா தொகை டேலி ஆயிட்டதால சரக்கும் சரின்னு ஆயிடாது, ஒண்ணுல கூட இன்னொண்ணுல குறைய இருந்தாலும் கூட்டுத்தொகை ஒத்துப்போகும்.

மருமகப்பிள்ளை, எண்ணினதைத்தான் ஏத்தணும். எண்ணறவர் கையில ரிஜிஸ்டர் பேலன்ஸ் இருக்கக் கூடாது, இருந்தா அந்த நம்பருக்கே எண்ணி முடிச்சிடுவாங்க. அப்புறம்தான் ரிஜிஸ்டரைப் பக்கத்துல வச்சு வித்தியாசம் ஏன்னு பாக்கணும். ஒரு எலக்ட்ரிக்கல் கடையில நான் கூட இருந்து பார்த்ததைச் சொல்றேன். 1.5 ஸ்கொயர் வயர், ரிஜிஸ்டர்ல 14 காயில். ரேக்ல முழுசு 11, வெட்டின காயில் மூணு. வெட்டினதை அளந்தா 40, 62, 25 மீட்டர், ஆக 127. காயிலுக்கு 90 மீட்டர்னா இருக்கிற சரக்கு 990 கூட்டல் 127, மொத்தம் 1117 மீட்டர், ரிஜிஸ்டர் கணக்குப்படி 1260. 143 மீட்டர் குறையுது, ஓனர், கடைப் பையன் மேல சந்தேகப்பட்டு சத்தம் போட ஆரம்பிச்சிட்டார். ஆனா மூணு காயில் 270 மீட்டர், அதுல 127 போக 143, கரெக்டா அதே நம்பர். அங்க லூஸ்ல வெட்டி விக்கறதை காயில் தீர்ந்த பிறகுதான் ரிஜிஸ்டர்ல கழிப்பாங்களாம். வித்த பணம் கல்லாவுல சேர்ந்திருக்கு, சரக்கு எங்கயும் போகல.

அதனால அந்த 143ஐ மார்ச் 31 தேதியிலயே பழைய ரிஜிஸ்டர்ல காரணம் எழுதிக் கழிச்சோம். புது சாஃப்ட்வேர்ல யூனிட் மீட்டர், 1 காயில் = 90 மீட்டர்னு கன்வெர்ஷன். இங்கதான் ரேட்டைக் கவனிக்கணும், காயில் ரேட் 1800ஐ மீட்டர் அளவுக்கு எதிர்ல போட்டா 22,340 ரூபா சரக்கு 20,10,600 ஆயிடும். ஏத்தின உடனே ஸ்டாக் லிஸ்ட்டை தொகை அதிகமா இருக்கறதுலேர்ந்து வரிசைப்படுத்திப் பாருங்க, இந்த மாதிரி தப்பெல்லாம் மேல வந்து நிக்கும்.

மெடிக்கல் ஷாப் அக்கா: எங்களுக்கு எண்ணறது பிரச்சனையே இல்லங்க, பேட்ச்தான். பக்கத்து ஊர் கடையில எல்லா மாத்திரையையும் ஓப்பனிங்னு ஒரே பேட்ச் பேர்ல போட்டு, எக்ஸ்பைரியும் குத்துமதிப்பா ஒண்ணு அடிச்சிட்டாங்க. அப்புறம் எது முதல்ல எக்ஸ்பைரி ஆகுதுன்னு சிஸ்டத்துல தெரியல, கம்பெனிக்கு ரிட்டர்ன் அனுப்ப ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பார்த்துட்டு இருந்தாங்க. நாங்க பேட்ச் வாரியாதான் எண்ணினோம், நேரம் இழுத்துச்சு.

கோவை பம்ப்ஸ்: எந்த சாஃப்ட்வேர் விலை கம்மியா இருக்கு? மொபைல்ல ஓடுமா?

ஸ்டோர்ஸ் அண்ணாச்சி: அதுக்குத் தனியா கேளுங்க சார், இங்க பேச்சு மாறிடும்.

இன்னொண்ணு, எண்ணற அன்னிக்கு கடைசி சேல்ஸ் பில் நம்பரையும் கடைசியா உள்ள வந்த சரக்கோட சலான் நம்பரையும் குறிச்சு வச்சுக்கோங்க. 31ஆம் தேதி சாயங்காலம் ஃபேன் 12 இறங்குது, பில் 3ஆம் தேதிதான் வருதுன்னு வைங்க. எண்ணும்போது 12ஐயும் சேர்த்தாச்சு, 3ஆம் தேதி பில்லை பர்ச்சேஸ்ல போட்டா சாஃப்ட்வேர்ல 24 காட்டும். பில் போட்டு பார்ட்டி இன்னும் எடுத்துட்டுப் போகாத சரக்கும் அப்படித்தான், ஒரு ஓரமா தள்ளி வச்சு சிவப்பு கயிறு கட்டிடுங்க, எண்ணவே கூடாது.

வயர்கடை மருமகன்: ரொம்ப நன்றி அண்ணாச்சி, எங்க கடையிலயும் லூஸ் வயர் கணக்கு அப்படித்தான்னு இப்பதான் விசாரிச்சேன். ரிஜிஸ்டர்ல ரேட் எல்லாம் ஜிஎஸ்டி சேர்த்து எழுதியிருக்கு, அப்படியே போடலாமா?

ஆடிட் ஆபீஸ் தம்பி: கூடாது ப்ரோ, இன்புட் கிரெடிட் எடுத்திருந்தா வரி இல்லாத ரேட்தான் போடணும், இல்லன்னா ஸ்டாக் தொகை ஊதிடும். அப்புறம் உண்மையிலேயே காணாமப் போன சரக்குன்னு எழுதிக் கழிச்சா அதுக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்டணும், ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h)ல வரும்.

ஸ்டோர்ஸ் அண்ணாச்சி: வெட்டும்போது வீணாப் போற துண்டு வயருக்குமா? 

ஆடிட் ஆபீஸ் தம்பி: அதுல எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேச்சு இருக்கு அண்ணாச்சி. சீனியர்கிட்ட கேட்டுட்டு வரேன்.

வயர்கடை மருமகன்: கேட்டுட்டு இங்கயே போடுங்க ப்ரோ, எங்க கடையில துண்டு வயர் ஒரு சாக்கு நிறைய கிடக்கு, அதை எண்ணறதா வேண்டாமான்னு மாமா கேக்கறார்.