பத்து நாளைத் தாண்டும் மாதவிடாய்: பயாப்ஸி செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

தோழிகளே, எனக்கு வயது 46. எப்போதும் ஐந்து நாளில் நின்றுவிடும். கடந்த நான்கு மாதங்களாகப் பதினொரு, பன்னிரண்டு நாள் வரை போகிறது. இடையில் கட்டியாகவும் படுகிறது. இந்த வயதில் இப்படித்தான் என்று அக்கா சொன்னதை நம்பிக் காலம் கடத்திவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 8.4.

காப்பர் டி இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று முதலில் கேட்டார். அப்புறம் கர்ப்பப் பரிசோதனை (எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனால் அதை விலக்காமல் மேலே போக முடியாதாம்), தைராய்டு. இரண்டிலும் ஒன்றுமில்லை.

ஸ்கேனில் 3 செ.மீ. நார்க்கட்டி தெரிந்தது. இதுதான் காரணம் என்று நினைத்தேன். டாக்டர் இல்லை என்கிறார். கட்டி கருப்பையின் வெளிப்பக்கம் இருக்கிறது. உட்குழிக்குள் துருத்தினால்தான் பெரும்பாலும் இப்படிப் படுமாம். அவர் கவலை உட்சவ்வைப் பற்றி. அது 17 மி.மீ. தடித்திருக்கிறது. முட்டை ஒழுங்காக வெளியாகாத மாதங்களில் சவ்வு வளர்ந்துகொண்டே போகும், 45 வயதுக்கு மேல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஹார்மோன் தரமாட்டேன் என்றார். அதற்குத்தான் பயாப்ஸி செய்யச் சொல்கிறார். இப்போதைக்கு ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் மாத்திரையும் இரும்புச்சத்தும்.

பயாப்ஸிக்கு மெல்லிய குழாய் விட்டு, மயக்க மருந்து இல்லாமலே உட்சவ்வில் கொஞ்சம் எடுக்கலாமாம். செய்துகொண்டவர்களுக்கு வலி எப்படி இருந்தது? அன்றே வேலைக்குப் போக முடிந்ததா? முடிவு வர எத்தனை நாள் ஆனது?