விருந்தினர் மாறும் நாலு மணி நேரம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தேக்கா மாறன்:
சர்வீஸ் அபார்ட்மெண்ட், இரண்டு அறை, நாலு பேர். காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் போகிறது, மாலை 3 மணிக்கு அடுத்த குடும்பம். புதிதாக வந்த அம்மா தலையணையைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். "தம்பி, இது ஈரமா இருக்கே!" மெஷினிலிருந்து எடுக்கும்போது உறை சூடாக இருந்தது, காய்ந்த மாதிரியே தெரிந்தது. பிறகு எப்படி ஈரம்? இன்னும் மனசில் நிற்கிறது.

பாலஸ்டியர் மலர்:
மாறன் தம்பி, சூடு ஏமாற்றும். சூடான துணி தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆறினால்தான் உண்மை தெரியும். இதில் இன்னொன்றும் உண்டு. கம்பளிக்கு மாட்டும் டூவே கவரின் வாயைப் பூட்டாமல் மெஷினில் போட்டால் தலையணை உறையெல்லாம் அதற்குள் புகுந்து மூலையில் உருண்டையாகிவிடும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொத. துவைக்கும் முன்பே கவரின் பட்டனைப் போட்டுவிடுங்கள். எடுத்ததும் உதறி, நாற்காலி முதுகில் பத்து நிமிடம் விரித்துப் போட்டு, தையல் ஓரத்தையும் மூலையையும் விரலால் பிடித்துப் பாருங்கள். நடுவில் தொட்டுப் பார்த்துப் பயனில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷின் என்றால், துவைக்கும் அளவைவிட உலர்த்தும் அளவு குறைவு. 8 கிலோ துவைக்கிற மெஷின் பல நேரம் 5 கிலோதான் உலர்த்தும். முழுசாக நிரப்பி ஓட்டினால் நேரம் முடிந்ததும் நின்றுவிடும், ஈரம் போயிருக்காது. நாலு மணி நேரத்தில் இரண்டு கட்டில் துணியையும் துண்டுகளையும் அங்கேயே முடிக்க முடியாது. அழுக்குத் துணி பையில் வெளியே போகணும், காய்ந்த செட் பையில் உள்ளே வரணும்.

ஜூரோங் சேகர்:
எதுக்கு இவ்வளவு? எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் போட்டு கொஞ்சம் ப்ளீச் ஊற்றினால் கறை, கிருமி, நாற்றம் எல்லாம் போய்விடும். எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாலஸ்டியர் மலர்:
சேகர் அண்ணே, கிருமிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் வெந்நீர் சரி. கறைக்கு அது எதிரி. ரத்தக் கறையில் முதலில் வெந்நீர் பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகே மெஷின். செந்தோசா போய் வருபவர்கள் விடும் சன்ஸ்கிரீன் கறையில் ப்ளீச் ஊற்றினால், மஞ்சள் போவதற்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் எழும். அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊற வைத்து, பிறகு துவையுங்கள். துண்டுக்கு மென்மையாக்கும் திரவம் வேண்டாம். மெழுகு மாதிரி படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது.

யீஷூன் வாணி:
இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கள் வீவக வீட்டில் ஒரு அறை காலி. வாரக் கணக்கில் விடலாமா, எத்தனை துண்டு வைக்கணும்?

தேக்கா மாறன்:
அக்கா, வீவக வீட்டை வாரக் கணக்கில் விடவே கூடாது, குறைந்தது ஆறு மாதம். தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். நான் சொல்வது உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்ட், அங்கே ஏழு நாள் முதல் தங்கலாம். துண்டைப் பிறகு பேசலாம்.

மலர் அக்கா, பையில் கொண்டு வருவதென்றால் எத்தனை செட்?

பாலஸ்டியர் மலர்:
மூன்று. கட்டிலில் ஒன்று, துவைப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. உங்கள் வீட்டுக்கு ஒரு செட் என்றால் மெத்தை விரிப்பு 2, டூவே கவர் 2, தலையணை உறை 8, குளியல் துண்டு 4, கைத்துண்டு 4, கால் மிதிப்பான் 2. இதோடு ஒவ்வொரு மெத்தைக்கும் புரொடெக்டர் ஒன்று கூடுதலாக. அதை மறப்பவர்கள்தான் அதிகம். கறை பட்ட புரொடெக்டருக்கு மாற்று இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

உள்ளே நுழைந்ததும் துண்டுகளை எண்ணுங்கள், பையில் கட்டிய பிறகல்ல. ஏழுதான் இருந்தால் கட்டிலடியிலும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பாருங்கள். விரிப்பை எடுக்கும்போதே மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் முதலில் தெரியும். அடுத்து குளியலறையில் கழுவும் திரவத்தைத் தெளித்து ஊற விட்டு, சமையலறைக்குப் போங்கள். தூசு தட்டி முடித்த பிறகே கட்டில் போடணும். முதலிலேயே கட்டில் போட்டால் ஃபேன் தூசு வெள்ளை விரிப்பில் இறங்கும்.

ஜூரோங் சேகர்:
மூன்று செட் வாங்கி வைக்க அலமாரி எங்கே இருக்கு? நம் ஊர்க் காற்றில் மூடி வைத்த துணி தானாகவே நாற்றம் பிடிக்கும். சலவைக் கடையிலிருந்து அன்றன்றைக்கு வரவழைப்பது மேல்.

தேக்கா மாறன்:
சலவைக்கார வண்டி மழையில் 3 மணி தாண்டி வந்தால்?

ஜூரோங் சேகர்:
அதற்கு ஒரு செட் மட்டும் கையில் வைத்திருந்தால் போதும் என்கிறேன். மூன்று அதிகம்.